'20 மில்லி' என்று எழுதலாமா? மொழிபெயர்ப்புக் குழுவுக்கு ஏன் ஒரு 'ஸ்டைல் ஷீட்' தேவை?

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சிறு கையேடு அது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நான்கு தன்னார்வலர்கள். முதல் வரைவு முடிந்ததும், கிராம சுகாதார நிலையத்தில் பணியாற்றும் செவிலியர் ஒருவரிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியில் அவர் விரலை வைத்தார்.

"20 மில்லி துத்தநாகம், 14 நாட்கள்."

"இதை நான் ஒரு அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா, மருந்து மூடியால நாலு தடவை ஊத்திக் கொடுத்துடுவாங்க. பரவாயில்லையா?" என்று கேட்டார் அவர்.

ஆங்கில மூலத்தில் இருந்தது 20 மில்லிகிராம். மொழிபெயர்த்தவர் 'மில்லிகிராம்' என்பதைச் சுருக்கி 'மில்லி' என்று எழுதிவிட்டார். ஆனால் தமிழ்நாட்டில் 'மில்லி' என்றால் அது லிட்டர் கணக்குதான். பால் பாக்கெட் வாங்குபவரைக் கேட்டாலும் சரி, மதுக்கடை வாசலில் நிற்பவரைக் கேட்டாலும் சரி, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. கடைகளில் கிடைக்கும் துத்தநாக சிரப்புகளில் ஒரு வகையில், 5 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதில் 20 மில்லிலிட்டர் ஊற்றினால் குழந்தைக்குப் போவது 80 மில்லிகிராம். தேவையைப் போல நான்கு மடங்கு. துத்தநாகம் அதிகமானால் வாந்தி வரும். ஏற்கெனவே நீர்ச்சத்து இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று செவிலியர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. அளவுகளை எப்படி எழுதுவது என்று யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பேச்சை எழுதி வைக்கும் தாளுக்குத்தான் 'ஸ்டைல் ஷீட்' என்று பெயர். சிலர் 'நடைத் தாள்' என்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

பலரும் செய்யும் தவறு, இலக்கண நூலைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் விதியிலிருந்து எழுதத் தொடங்குவது. அப்படி எழுதிய தாள் ஐம்பது பக்கம் போகும், யாரும் படிக்க மாட்டார்கள். இந்தக் குழுவை ஒருங்கிணைத்த சென்னைக்காரர் வேறு வழியில் போனார். கையேட்டின் ஒரே ஒரு பக்கத்தை நான்கு பேருக்கும் கொடுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் மொழிபெயர்க்கச் சொன்னார். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டார்.

குழுவில் ஒருவர் மதுரை, ஒருவர் கோவை, ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் கோலாலம்பூர். உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி பற்றிய ஒரு வரியிலேயே 'பவுடர்', 'பௌடர்', 'தூள்', 'பொடி' என்று நான்கு சொல். 'பாக்கெட்' என்று மதுரைக்காரர் எழுதியதை யாழ்ப்பாணத்துக்காரர் 'பக்கற்' என்று எழுதியிருந்தார். தட்டச்சில் கொஞ்சம் வழுக்கி அது 'பக்கெட்' ஆனால் தமிழ்நாட்டில் வாளி என்று அர்த்தம். ஒரு வாளிப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்வது போலாகிவிடும்.

கோடு போட்ட இடங்களை அவர் மூன்றாகப் பிரித்தார். படிப்பவரைத் தவறான செயலுக்குக் கொண்டுபோகக்கூடியவை முதலில். கணினியில் தேடினால் கிடைக்காமல் போகிறவை இரண்டாவது. வெறும் பழக்க வேறுபாடுகள் கடைசியில். கூட்டத்தில் அதிக நேரம் சண்டை நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் என்பதால், இந்த வரிசை முக்கியம்.

இன்னொன்றையும் அப்போதே பிரித்துவிட வேண்டும். துத்தநாகமா, ஜிங்க்கா என்பது சொற்பட்டியலில் தீர்க்க வேண்டிய கேள்வி, ஸ்டைல் ஷீட்டில் அல்ல. இதில் யாழ்ப்பாணத்து நண்பர், "நாங்கள் பள்ளிக்கூடத்தில நாகம் எண்டுதான் படிச்சனாங்கள், அக்கா" என்றார். இலங்கைப் பாடநூல்களில் அதுதான் சொல். தமிழ்நாட்டுத் தாய் ஒருவர் 'குழந்தைக்கு நாகம் கொடுக்கவும்' என்று படித்தால் என்ன நினைப்பார்? சொற்பட்டியலில் பகுதிக்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம். எண்ணும் குறியும் எழுதும் முறை மட்டும் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று முடிவானது.

எண்கள்: சுருக்கினால் ஆபத்து

தாளின் முதல் விதி செவிலியர் விரல் வைத்த இடத்திலிருந்தே வந்தது. 'மில்லி' என்று தனியாக எழுதக்கூடாது. மில்லிகிராம், மில்லிலிட்டர் இரண்டையும் எப்போதும் முழுதாக எழுத வேண்டும்.

"மி.கி., மி.லி.ன்னு போட்டா இடம் மிச்சமாகுமே?" என்று கோவைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்து. மங்கலான நகலில் 'கி'யும் 'லி'யும் பிரித்துத் தெரியாது. 'கி.' என்று மட்டும் வந்தால் கிராமா, கிலோவா என்ற குழப்பம் வேறு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் கலவையில் ஒரு லிட்டருக்கான பொடி 20.5 கிராம். அதை '20.5 கி.' என்று எழுதினால் மளிகைக் கடைக் கணக்கு போலத் தெரியும்.

சுருக்கப் புள்ளியால் இன்னொரு தொல்லையும் உண்டு. மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் புள்ளியும் அதையடுத்த இடைவெளியும் வந்தால் வாக்கியம் முடிந்தது என்று வெட்டிவிடும். '100 மி.லி. கரைசல் கொடுக்கவும்' என்பது இரண்டு துண்டாகி, 'கரைசல் கொடுக்கவும்' மட்டும் தனியாக நிற்கும். அளவு ஒருவரிடமும் செயல் இன்னொருவரிடமும் போய்ச் சேரலாம். அதனால் 'ஓ.ஆர்.எஸ்.' என்பதும் புள்ளியில்லாமல் 'ஓஆர்எஸ்' ஆனது.

இரண்டாவது விதி பின்னங்களுக்கு. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. மூலத்தில் '½' என்ற ஒற்றைக் குறி இருந்தது. சில தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குறி கிடையாது. வெறும் கட்டம் தெரியும். அதற்குப் பயந்து '1/2 மாத்திரை' என்று எழுதினால், 'ஒண்ணு இல்லன்னா ரெண்டு' என்று படிப்பவர்கள் உண்டு. எனவே கால், அரை, முக்கால், ஒன்றரை எல்லாம் எழுத்தில்தான். இவற்றுக்குத் தமிழில் நல்ல சின்னச் சொற்கள் இருப்பது வசதி.

மூன்றாவது, இடைவெளி காட்டும் அளவுகள். ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆனதும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் கரைசல் தர வேண்டும். இதை '50-100' என்று சிறு கோடு போட்டு எழுதினால் குறுகிய பத்தியில் கோட்டுக்குப் பின் வரி உடையும். மேல் வரியில் '50-', கீழ் வரியில் '100 மில்லிலிட்டர்'. அவசரத்தில் படிப்பவருக்குக் கண்ணில் படுவது 100 மட்டும். '50 முதல் 100 வரை' என்று எழுதினால் எங்கே உடைந்தாலும் பொருள் கெடாது. அட்டவணையில் மட்டும் கோடு போடலாம் என்று விதிவிலக்கு. அதோடு, எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் உடையாத இடைவெளி வைக்க வேண்டும். யூனிகோடில் அதன் எண் U+00A0.

சிறு கோட்டுக்கு ஒரு வேலை கொடுத்தபின் இன்னொரு வேலை கொடுக்கக்கூடாது. '6-ஆம் நாள்', '6ஆம் நாள்', '6ம் நாள்' மூன்றும் பத்திரிகைகளில் வருகின்றன. மூன்றையும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் '4-6-ஆம் நாள்' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்ததும் முடிவு எளிதாகிவிட்டது: கோடு இல்லாமல் '6ஆம் நாள்'. வேற்றுமை உருபை எண்ணோடு ஒட்டாமல் அலகோடு ஒட்ட வேண்டும் என்பதும் கூடவே சேர்ந்தது. '20-ஐ கொடுக்கவும்' என்று எழுதாமல் '20 மில்லிகிராமைக் கொடுக்கவும்' என்று எழுதினால் எதில் 20 என்ற கேள்வியே வராது.

பெரிய எண்களில் காற்புள்ளி எங்கே என்பதில் கோலாலம்பூர் குரல் எழுந்தது. "நீங்க 1,00,000ன்னு போட்டா, இங்க பிள்ளைங்க எங்கேயோ ஒரு சைபர் விட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க." அவர் சொல்வது சரி. கணினிகள் மொழி, நாடு வாரியாக எண் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவிலேயே பொதுவான தமிழுக்கு 1,00,000 என்றும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழுக்கு 100,000 என்றும்தான் இருக்கிறது. ஆக, இது மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறட்டும் என்று விட்டார்கள். மருந்தளவு எதுவும் ஆயிரத்தைத் தாண்டவில்லை என்பதால் இதில் அதிகம் மல்லுக்கட்டவில்லை.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து வேறுபாடு

எழுத்துப் பிரச்சினையில் மிக மோசமானது, திரையில் பார்த்தால் தெரியாதது. மதுரைக்காரர் கோப்பில் 'பௌடர்' என்று தேடினார். இரண்டு இடங்களில் கண் முன்னால் இருந்தும் கணினி 'இல்லை' என்றது. காரணம், 'பௌ' என்பதில் வரும் 'ௌ' ஒரே குறி. சிலர் அதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு, ப எழுதி, பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டிவிடுவார்கள். 'பெளடர்' என்று ஆகும். பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அது 'பெ', 'ள' என்ற இரண்டு எழுத்து. 'ஔ' எழுத்துக்கும் இதே கதி. 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டப்படுகிறது. இலங்கையில் மருந்தைக் குறிக்க அரசு ஆவணங்களில் வரும் 'ஔடதம்' என்ற சொல் இப்படி உடைந்தால் அகராதியிலும் கிடைக்காது, தேடலிலும் கிடைக்காது.

'கொ' போன்ற எழுத்துகளிலும் இரண்டு வழி உண்டு. 'ொ' என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம், 'ெ', 'ா' என்ற இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இதற்கு மருந்து இருக்கிறது: யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கும் முறையில் கோப்பை ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒரே குறியாகிவிடும். ஆனால் 'ள' தட்டிய பிழையை என்எஃப்சி திருத்தாது. 'ள' சட்டப்படியான தனி எழுத்து என்பதால் கணினி அதைத் தொடாது. அதைத் தனியாகத் தேடித்தான் மாற்ற வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக மாற்றவும் கூடாது. 'வெள்ளம்', 'கெளுத்தி' போன்ற சொற்களில் 'ள' உண்மையாகவே 'ள'தான். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கடன் சொற்களில் விதி சுருக்கமானது. தமிழ்நாட்டில் 'ஆக்ஸிஜன்', 'டாக்டர்', 'பாராசிட்டமால்'. இலங்கையில் 'ஒட்சிசன்', 'டொக்டர்', 'பரசிட்டமோல்'. இரண்டுமே அவரவர் ஊரில் நிலைத்துவிட்ட எழுத்து. ஒன்றை இன்னொன்றாக்கினால் படிப்பவர் தன் கையிலிருக்கும் மருந்து அட்டையோடு ஒப்பிட முடியாமல் போகும். எனவே, அந்தப் பகுதி மருந்து அட்டையில், பாடநூலில் இருப்பது போல எழுதுவது. ஒரு பதிப்புக்குள் மாற்றாமல் இருப்பது. முடிந்த இடத்தில் பொதுச்சொல்: 'பாக்கெட்', 'பக்கற்' இரண்டையும் விட்டு 'பொட்டலம்'.

பிறகு வந்தது கூட்டத்தின் பெரிய சண்டை: 'நாட்கள்' சரியா, 'நாள்கள்' சரியா? வரைவைப் பார்க்க ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் என்று பொருள் என்றார். இலக்கணக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் நகைச்சுவை அது. "ஐயா, ஊரே நாட்கள்னுதான் எழுதுது" என்றார் மதுரைக்காரர். ஒருங்கிணைப்பாளர் இரண்டு பக்கமும் சாயவில்லை. எண்ணுக்குப் பின் தமிழில் ஒருமையே போதும். '14 நாள்' என்றால் யாருக்கும் குழப்பமில்லை. கையேட்டில் அந்தச் சொல் எண்ணோடு மட்டுமே வந்தது. சண்டை தீராமலே முடிந்துபோனது.

'கோயில்', 'கோவில்' போன்ற இரட்டை வடிவங்களில் எதை எடுத்தாலும் நட்டமில்லை. பட்டியலில் முதலில் யார் எதை எழுதினாரோ அதுவே நிற்கும் என்று ஒரே வரியில் முடித்தார்கள்.

குறிகளும் இடைவெளியும்

நிறுத்தக்குறிகளில் பெரிய தகராறு இல்லை. மேற்கோளுக்கு இரட்டைக் குறி, நேரத்துக்கு '8.30' என்று புள்ளி வேண்டாம், ஏனென்றால் அளவுகளிலும் அதே புள்ளி தசமமாக வருகிறது. '8:30' என்று எழுதலாம். தேதியில் மாதத்தைப் பெயரால் எழுத வேண்டும். '05/06' என்பது ஒரு நாட்டில் ஜூன், இன்னொரு நாட்டில் மே.

நேரம் எடுத்தது சொல் இடைவெளி. 'கொடுக்கக் கூடாது' என்று பிரித்து எழுதுவதும் உண்டு, 'கொடுக்கக்கூடாது' என்று சேர்த்து எழுதுவதும் உண்டு. பிரித்து எழுதினால் 'கொடுக்கக்' என்பது பக்கத்தின் கடைசி வரியிலும் 'கூடாது' அடுத்த பக்கத்திலும் போய்விட வாய்ப்பு உண்டு. எச்சரிக்கை வாக்கியத்தில் மறுப்பைத் தொலைப்பதைவிட வேறு ஆபத்து என்ன? எதிர்மறை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுவது என்று முடிவு.

ஒற்று விஷயத்தில் ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றார்கள். 'அரை', 'பாதி' ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும். எனவே 'அரைத் தேக்கரண்டி', 'பாதிப் பொட்டலம்'. இலக்க வடிவ எண்ணுக்குப் பின் மட்டும் ஒற்று கிடையாது.

பின்பற்றினார்களா என்று எப்படிப் பார்ப்பது?

விதி எழுதியதோடு வேலை முடிவதில்லை. இரண்டு வாரம் கழித்து அதே 'மில்லி' வேறு பக்கத்தில் முளைத்திருந்தது. பழக்கம் அப்படித்தான். கோவைக்காரர் எல்லாக் கோப்பிலும் தேட ஒரு கட்டளை எழுதினார். எண்ணுக்குப் பின் 'மில்லி' வந்து, அதையடுத்து 'லிட்டர்' அல்லது 'கிராம்' வராத இடங்களைக் காட்டச் சொன்னார். கணினி சரியாக எழுதிய இடங்களையும் சேர்த்துக் காட்டியது. ஏன்?

'லிட்டர்' என்பதில் கடைசியில் புள்ளி வைத்த 'ர்' இருக்கிறது. 'மில்லிலிட்டருக்கு' என்று உருபு சேர்ந்ததும் புள்ளி போய் 'ரு' ஆகிவிடுகிறது. கணினிக்கு அது வேறு குறி. தமிழில் சொல் தேடும் எவரும் ஒருமுறையாவது விழும் குழி இது. சொல்லின் வாலை வெட்டிவிட்டுத் தேட வேண்டும்:

```
grep -nP '[0-9].?மில்லி(?!லிட்ட|கிரா)' *.txt
```

இந்த முறை பிழையான இடங்கள் மட்டும் வந்தன. ஒவ்வொரு வாரமும் கோப்புகளைச் சேர்க்கும் முன் இதை ஓட்டுவது வழக்கமானது. ஆனால் 'இருபது மில்லி' என்று எழுத்தில் எழுதியிருந்தால் இந்தக் கட்டளைக்குத் தெரியாது. அதற்கு ஒரு மனிதர் சத்தமாகப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

தாள் கடைசியில் இரண்டு பக்கத்தில் அடங்கியது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் மூன்று கட்டம்: எப்படி எழுத வேண்டும், எப்படி எழுதக்கூடாது, ஏன். 'ஏன்' என்ற கட்டம்தான் உண்மையில் வேலை செய்தது. புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் இடத்தை மிச்சப்படுத்த மீண்டும் 'மி.கி.' என்று மாற்றப் பார்த்தபோது, '4 மடங்கு மருந்து' என்ற இரண்டு சொல் அவரைத் தடுத்தது.

திருத்திய வரியை மறுபடி செவிலியரிடம் கொண்டுபோனார்கள். "6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு: துத்தநாகம் 20 மில்லிகிராம், தினம் ஒரு முறை, 14 நாள். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு: அரை மாத்திரை, 10 மில்லிகிராம்."

அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு, "சரி, இன்னிக்கு ஆறு மாசம் முடியுற பிள்ளைக்கு அரையா, முழுசா?" என்று கேட்டார்.

எழுத்திலோ குறியிலோ தீர்க்கக்கூடிய கேள்வி இல்லை அது. மூல நூலின் மருத்துவருக்குக் கடிதம் போயிருக்கிறது. தாளில் 'வயது வரம்பு' என்று ஒரு புதிய வரிசை சேர்ந்து, பதில் வரும் வரை அதன் மூன்று கட்டமும் காலியாக இருக்கின்றன.